மொத்தத் தொகையா, மணிக்கணக்கா?

ஈரோட்டில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை, தனக்கென்று மென்பொருள் செய்துகொள்ள நினைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளி கேட்பது மூன்றே விஷயம்: பில் போட வேண்டும், இருப்பு தெரிய வேண்டும், யார் எவ்வளவு பாக்கி என்று பார்க்க வேண்டும். “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்கிறார். இரண்டு பேர் நடத்தும் சிறு நிறுவனம் ஒன்று, 400 மணி நேர வேலை, மணிக்கு 750 ரூபாய் என்று கணக்குப் போட்டு மூன்று லட்சம் சொல்கிறது.

மூன்றாவது வாரம் கடைக்காரர் சாதாரணமாகக் கேட்கிறார்: “ரிட்டர்ன் சரக்கை எங்கே போடறது?” திரும்பி வந்த துணியை மறுபடி இருப்பில் சேர்ப்பதா, சேதமென்று தனியே வைப்பதா? பத்துப் பீஸில் இரண்டு மட்டும் வந்தால், முழு பில்லுக்குக் கொடுத்த தள்ளுபடியை எப்படிப் பிரிப்பது? ஜி.எஸ்.டி. கணக்குக்கு கிரெடிட் நோட் போட வேண்டும். அதைப் பழைய பில்லோடு இணைத்து, பாக்கியிலும் கழிக்க வேண்டும். கடைக்காரருக்கு இது தினமும் நடக்கிற விஷயம் என்பதால் முன்பே சொல்லத் தோன்றவில்லை. புரோகிராமருக்கோ இது 40 மணி நேர வேலை. அந்த 30,000 ரூபாயை யார் கொடுப்பது?

மொத்தத் தொகை பேசியிருந்தால் சச்சரவு இங்கேதான் தொடங்கும். ‘இது பில்லிங்கிலேயே அடக்கம்’ என்பார் ஒருவர். ‘இது புது வேலை, தனிக் கட்டணம்’ என்பார் மற்றவர். ஒப்பந்தத்தில் ‘பில்லிங் வசதி’ என்ற இரண்டே சொற்கள் இருக்கும்போது இருவர் சொல்வதும் சரிதான். கைக்காசு போவதைக் கண்ட நிறுவனம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலையைக் குறைக்கும். பெரும்பாலும் முதலில் பலியாவது சோதனை. இந்த ஆபத்து தெரிந்த அனுபவசாலி, முன்கூட்டியே நாலரை லட்சம் என்று ஏற்றிச் சொல்வார். ரிட்டர்ன் பற்றி யோசிக்காதவர் இரண்டு லட்சத்துக்குச் சம்மதிப்பார். ஆக, குறைந்த கொட்டேஷன் பல நேரம் வேலையைக் குறைவாகப் புரிந்துகொண்டவரிடமிருந்தே வருகிறது. விலையை மட்டும் பார்ப்பவர் அவரையே தேர்ந்தெடுப்பார்.

தொடக்கத்தில் சொல்லும் மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்பதை அமெரிக்க மென்பொருள் அறிஞர் பேரி போம் 1981-இல் வெளிவந்த தமது நூலில் காட்டினார். வேலை வெறும் யோசனையாக இருக்கும் கட்டத்தில், உண்மைச் செலவு நான்கு மடங்காகவும் இருக்கலாம், நான்கில் ஒரு பங்காகவும் இருக்கலாம் என்றது அவர் கணக்கு. அதன்படி நம் மூன்று லட்சம் என்பது 75,000-க்கும் 12 லட்சத்துக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் செலவான நேரத்துக்கு மட்டும் பணம் வாங்கும் ‘டைம் அண்ட் மெட்டீரியல்’ முறை போதுமா? ரிட்டர்ன் சச்சரவு இதில் வராது: 40 மணி நேரம் கூடுதலாகும், பில்லில் ஏறும். ஆனால் ஆறு வாரத்தில் 1,80,000 ரூபாய் கொடுத்த பிறகும் கடையில் ஒரு பில்கூடப் போட முடியவில்லை என்றால், நஷ்டம் முழுக்கக் கடைக்காரருடையது. வேகமாக முடிக்க நிறுவனத்துக்குத் தூண்டுதலும் இல்லை. அமெரிக்க அரசின் கொள்முதல் விதிகள் இதனால்தான் இம்முறைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தன. வேலையின் அளவை முன்கூட்டிக் கணிக்க முடியாதபோது மட்டுமே இது செல்லும். உச்சவரம்புத் தொகை ஒன்றும் இருந்தாக வேண்டும். வரம்பைத் தாண்டினால் அது ஒப்பந்தக்காரர் பொறுப்பு.

சிறிய கடைக்கும் இதுவே பொருந்தும், ஒரு சிறு வேலை முந்தி நடந்தால். முதலில் 40 மணி நேரத்துக்கு 30,000 ரூபாய் என்று தனியாகப் பேசிவிட வேண்டும். அந்தப் பணத்துக்கு நிறுவனத்தின் ஆள் கடையில் உட்கார்ந்து பில் புத்தகத்தையும் பாக்கி நோட்டையும் பார்ப்பார், திரைகளைக் காகிதத்தில் வரைவார், எதெல்லாம் இப்போது செய்யப்போவதில்லை என்றும் எழுதித் தருவார். கடைக்காரர் பிறகு வேறு நிறுவனத்தை நாடினாலும் அந்தக் காகிதம் அவருடையது.

அடுத்து பில்லும் பாக்கியும் மட்டும், மணிக்கணக்கில், இரண்டு லட்சம் உச்சவரம்போடு. வெள்ளிக்கிழமைதோறும் நேரக்கணக்கும், ஓடுகிற மென்பொருளும் கடைக்கு வர வேண்டும். தொகையில் முக்கால்வாசி செலவானதும் நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்த வாரமும் நிறுத்திக்கொள்ளும் உரிமையும், அதுவரை எழுதிய நிரலும் கடைக்காரருக்கு இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் ‘தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்ற பதில் மட்டும் வந்து, கல்லாவில் இருப்பவர் தாமே ஒரு பில் போட்டுப் பார்க்க முடியவில்லை என்றால், அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டிய நேரம் அது.

மொத்தத் தொகைக்கும் இடம் உண்டு. பில் போடுவது இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தபின், அதே பில்லிலிருந்து இ-வே பில் எடுக்கும் வசதி வேண்டுமென்றால், என்ன விவரம் உள்ளே போகும், என்ன வெளியே வரும் என்பது இருவருக்கும் தெரியும். அதற்கு ஒரே விலை பேசிக் கையெழுத்திடலாம்.