"வாரண்டி வராது" என்றால் ஏன் என்றும் சொல்லுங்கள்

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கி இருபது மாதம் ஆகிறது. கரண்ட் போனால் மூன்று மணி நேரம் ஓடிய ஃபேன், இப்போது இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. வாரண்டி கார்டோடு கடைக்குப் போனால், "இதுக்கு வாரண்டி வராது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முடிவு சரியாகவே இருக்கலாம். காரணம் தெரியாமல் திரும்புகிறவருக்கு, ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

இந்த வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். குறை எங்கே என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 12 வோல்ட் டியூபுலர் பேட்டரிக்குள் ஆறு செல்கள். முழுதாக சார்ஜ் ஏற்றிய பிறகு, ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டை உறிஞ்சி அடர்த்தி பார்ப்பார்கள். நல்ல செல் 1240-ஐ ஒட்டிக் காட்டும். ஐந்து செல் 1230 காட்ட, ஒன்று மட்டும் 1100-லேயே நின்றால் அந்த ஒரு செல் உள்ளே பழுது. பொதுவாக அது கம்பெனி மாற்றித் தரவேண்டிய கேஸ்.

மேலே சொன்னவரின் பேட்டரியில் அப்படி இல்லை. மூடியைத் திறந்தால் தண்ணீர் தகடுகளுக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி முழு சார்ஜ் ஏற்றியும் ஆறு செல்லும் 1150 தாண்டவில்லை. தண்ணீர் வற்றித் தகட்டில் காற்றுப் பட்டால், சல்பேட் படிந்து இறுகிவிடும். இது பராமரிப்புக் குறை, வாரண்டியில் சேராது.

கடைக்காரர் தண்ணீர் ஊற்றும் முன்பே போட்டோ எடுத்துவிட்டு, வாடிக்கையாளர் கண் முன்னே அளந்து, ஒரு தாளில் இப்படி எழுதித் தரலாம்: "ஆறு செல்லிலும் தண்ணீர் தகடுக்குக் கீழே இருந்தது. சார்ஜுக்குப் பின் அளவு 1150. வாரண்டி கார்டின் பராமரிப்பு விதிப்படி மாற்றித் தர இயலவில்லை. ஒரு செல் மட்டும் பழுதாகியிருந்தால் மாற்றித் தந்திருப்போம்." கார்டில் எந்த விதி என்று எண்ணையும் குறிப்பிட வேண்டும். "கம்பெனி ரூல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பதிலே அல்ல.

அதே தாளில் அடுத்த வழிகளும் இருக்கட்டும். சல்பேட் அதிகம் இறுகாவிட்டால், குறைந்த கரண்டில் நீண்ட நேரம் சார்ஜ் ஏற்றி ஓரளவு மீட்கலாம். முழுத் திறன் திரும்பும் என்று வாக்குத் தரக்கூடாது. தேறாவிட்டால், உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு, பழையதைக் கொடுத்துப் புதியதில் கழித்துக்கொள்ளலாம். ஒழுங்காக ஊற்றியும் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரமாக வற்றியது என்று அவர் சொன்னால், இன்வெர்ட்டரின் சார்ஜிங் வோல்டேஜைச் சோதிக்க வேண்டும். அது கூடுதலாக இருந்தால் பழுது அங்கேதான். இன்வெர்ட்டருக்கான வாரண்டி தனி.

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு உடன்பாடு இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரவேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பில்லோடும் வாரண்டி கார்டோடும், கடை எழுதித் தந்த அந்தத் தாளையும் சேர்த்து வைக்க வேண்டும்.