கடன் வாசல் – 9: பௌர்ணமி வாடகை வங்கியில் செல்லுமா?

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்களிடம் தரகர்கள் தவறாமல் சொல்கிற வரி ஒன்று உண்டு: “சார், இந்த வீடு தானே தவணையைக் கட்டிக்கும். நீங்க கையை விட்டுப் போடவே வேணாம்.” அதற்கு ஒரு கணக்கும் சொல்வார்கள். பௌர்ணமிக்கு ஓர் அறைக்கு இவ்வளவு, தீபத்துக்கு அதைப் போலப் பல மடங்கு, நவம்பர் முதல் மார்ச் வரை ரமணாசிரமத்தை ஒட்டித் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தருவது தனி. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் மாதம் 25,000 ரூபாய் நிற்கும் என்பார்கள்.

கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. நல்ல வருஷத்தில் அந்தப் பணம் வரவும் வரலாம். ஆனால் வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் அது 25,000 ஆக ஏறாது. எவ்வளவாக ஏறும், அது கடன் தொகையை எவ்வளவு உயர்த்தும் என்பதுதான் இந்த வாரம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வாங்கப்போகும் வீட்டிலிருந்து இனிமேல் வரப்போகும் வாடகையை வருமானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த வங்கிக்கும் கட்டாயம் இல்லை. சில வங்கிகள் அதைத் தொடவே தொடாது. ஏற்கெனவே உங்களுக்கு வேறு வீடு இருந்து, அதன் வாடகை கணக்கில் வரவாகி, வருமான வரித் தாக்கலிலும் காட்டப்பட்டிருந்தால் அதை மட்டும் சேர்க்கும். சில வங்கிகள் எதிர்பார்க்கும் வாடகையையும், வரி முதலியவற்றைக் கழித்து, சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே மனு கொடுப்பதற்கு முன்பே மேனேஜரிடம் இதை நேராகக் கேட்டுவிடுவது நல்லது. ஒரே ஊரில், ஒரே வீதியில் இருக்கும் இரண்டு கிளைகளில் இரண்டு பதில் கிடைக்கும்.

சேர்த்துக்கொள்ளும் வங்கி தரகரைக் கேட்பதில்லை. தன் வேல்யூவரைக் கேட்கும். பொதுத்துறை வங்கி மதிப்பீட்டு அறிக்கைகளில், நிலம் இவ்வளவு கட்டடம் இவ்வளவு என்று எழுதுவதோடு, எதிர்காலத்தில் என்ன வாடகை வரலாம் என்றும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் அந்த வரியைப் பார்த்ததே இல்லை. வேல்யூவர் அதை எப்படி நிரப்புவார்? அதே தெருவில் குடும்பமாகக் குடியிருப்பவர்கள் மாதாமாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார். பௌர்ணமி ராத்திரியின் விலை அவர் காதில் விழுந்தாலும் காகிதத்தில் விழாது. ஏனென்றால் அவர் மதிப்பிடுவது குடியிருப்பு வீட்டின் வாடகை. நாள் கணக்கில் அறை விடுவது தங்கும் விடுதித் தொழில்.

இங்கே இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வேல்யூவர் உள்ளே போகிறார். ஹாலில் ஒரு மேஜை, அதன் மேல் ஆதார் நகல் வாங்கி வைக்கும் ஃபைல், சுவரில் சாவிகள் மாட்டிய பலகை, ஒவ்வொரு கதவிலும் 101, 102 என்று எண், ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை. இதைப் பார்த்த பிறகு அவர் அறிக்கையில் “குடியிருப்பு” என்று எழுத மாட்டார். அதோடு வீட்டுக்கடன் என்ற வாசல் மூடிக்கொள்ளும். வணிகக் கடன் என்ற வேறு வாசலுக்குப் போக வேண்டும். அங்கே வட்டியும் அதிகம், திருப்பிக் கட்டும் காலமும் குறைவு. அதிக வாடகையைக் காட்டி அதிகக் கடன் வாங்கலாம் என்று நினைத்தவர், அந்த அதிக வாடகையாலேயே வீட்டுக்கடனை இழப்பது இப்படித்தான்.

இனி கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், கைக்கு வரும் சம்பளம் 55,000. ஏற்கெனவே ஒரு கடனுக்கு மாதம் 6,000 கட்டுகிறார். அவலூர்பேட்டை சாலையில் 40 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார், வாடகைக்கு விடுவதற்காகத்தான். வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 868 ரூபாய்.

வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பது அவர் போன வங்கியின் விதி என்று கொள்வோம் (வங்கிக்கு வங்கி, வருமானத்துக்கு வருமானம் இது மாறும்). 55,000இல் பாதி 27,500. அதில் பழைய தவணை 6,000 போனால் மிச்சம் 21,500. அதை 868ஆல் வகுத்தால் சுமார் 24.8 லட்சம். வாடகையைக் கணக்கில் எடுக்காமல் அவருக்குக் கிடைக்கும் கடன் இவ்வளவுதான்.

இப்போது வாடகை. தரகர் சொன்னது 25,000. வேல்யூவர் எழுதியது 10,000. வங்கி அதையும் முழுதாக எடுக்காது. வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், சொத்து வரி என்று ஒரு பங்கைக் கழித்துவிடும். நம் வங்கி 30 சதவீதம் கழிக்கிறது என்று வைத்தால் மிஞ்சுவது 7,000.

இந்த 7,000ஐ எங்கே சேர்க்கிறார்கள் என்பதுதான் முழு விஷயமும். இரண்டு விதமாகச் சேர்க்கலாம். சம்பளத்தோடு கூட்டினால் வருமானம் 62,000 ஆகும், அதில் பாதி 31,000, பழைய தவணை போக 25,000, கடன் 28.8 லட்சம். அப்படியில்லாமல், வாடகை நேராகத் தவணையையே அடைக்கும் என்று எடுத்துக்கொண்டால், 21,500உடன் 7,000 முழுதும் சேர்ந்து 28,500 ஆகும், கடன் 32.8 லட்சம். அதே வீடு, அதே வாடகை. கூட்டுகிற இடம் மாறியதற்கே 4 லட்சம் வித்தியாசம். நம் ஊரில் வழக்கமாக நடப்பது முதல் முறைதான். அதனால் வாடகை ரூபாய் ஒன்றுக்குத் தவணைத் திறன் ஐம்பது காசுதான் கூடும். அதிலும் முன்னரே 30 சதவீதம் போய்விட்டதால், வேல்யூவர் எழுதும் 100 ரூபாய் வாடகை உங்கள் மாதத் தவணைத் திறனை 35 ரூபாய் உயர்த்துகிறது. தரகர் சொன்ன 25,000, விண்ணப்பத்தில் 3,500 ரூபாய்த் தவணையாகச் சுருங்கிவிட்டது!

வேறு நாடுகளில் இந்தப் பேச்சே வேறு மாதிரி. லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடும் தமிழர்களைக் கேட்டால், அங்கே சம்பளத்துக்கு முன்னால் வாடகையைத்தான் பார்ப்பார்கள் என்பார்கள். வட்டி உயர்ந்தால் என்னாகும் என்று ஒரு கூடுதல் வட்டி விகிதத்தைக் கற்பனையாக வைத்து, அந்த வட்டியைப் போல 125 சதவீதமாவது வாடகை வருகிறதா என்று சோதிப்பது அங்கே வழக்கம். பெரும்பாலும் வட்டியை மட்டும் கட்டும் கடன்கள் என்பதால் அது சாத்தியமாகிறது. அந்தச் சோதனையை நம் 40 லட்சம் வீட்டுக்கு வைத்துப் பாருங்கள். 28.8 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் மாத வட்டியே 20,400. வாடகை 10,000. பாதிகூடத் தேறாது. நம் நகரங்களில் வீட்டு விலைக்கு வாடகை வருஷத்துக்கு இரண்டு, மூன்று சதவீதம்தான். கடன் வட்டி அதைவிட மிக அதிகம். ஆகவே இங்கே எந்த வீடும் தானே தவணையைக் கட்டிக்கொள்வதில்லை, சம்பளம்தான் கட்டுகிறது. வங்கி சம்பளத்தையே பிடித்துக்கொண்டு வாடகையை ஓரமாக வைப்பது இதனால்தான்.

ஆசிரியைக்குக் கிடைப்பது 28.8 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம். 40 லட்சம் வீட்டுக்கு அது 32 லட்சம். அந்த உச்சவரம்பு அவருக்கு இடிக்கவே இல்லை, வருமானம்தான் இடிக்கிறது. மிச்சம் 11.2 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக இன்னொரு 3.6 லட்சம். பத்திரச் செலவை வங்கி வீட்டின் விலையோடு சேர்த்துக்கொள்வதில்லை (10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு). ஆக, கிட்டத்தட்ட 15 லட்சம் ரொக்கமாக இருந்தால்தான் இந்த வீடு. விற்பவர் “பத்திரத்தில் 28 போட்டுக்கலாம்மா, மிச்சத்தைக் கையில கொடுத்துடுங்க” என்றால் நிலைமை இன்னும் மோசம். பத்திர விலை, வேல்யூவர் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் கடன். சட்டச் சிக்கல் தனி.

வாடகையை வங்கி நம்ப வேண்டுமானால் காகிதம் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தால், அவருடைய ஒப்பந்தம் விற்பவர் பெயரில் இருக்கும். வாங்கிய பிறகு உங்கள் பெயரில் புதிதாக எழுத வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் மச்சான் பெயரில் எழுதிக் கொண்டுவரும் ஒப்பந்தங்களைப் பார்த்துப் பார்த்து வங்கிக்காரர்களுக்குச் சலித்துவிட்டது. அவர்கள் முதலில் புரட்டுவது பாஸ்புக்கைத்தான்: மாதாமாதம் ஒரே தேதியை ஒட்டி, ஒரே ஆளிடமிருந்து, ஒரே தொகை வந்திருக்கிறதா? ரொக்கமாக வாங்கிய வாடகை, வாங்காத வாடகைதான்.

இதையெல்லாம் தாண்டியும் கடன் நிற்கும் இடம் ஒன்று இந்த ஊரில் உண்டு. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் பார்க்கும்போது அடிமனை கோயிலுடையது என்று தெரியவந்தால், வாடகை எவ்வளவு வந்தாலும் கோப்பு அங்கேயே மூடப்படும். கோயில் நிலத்தை உரிய அனுமதியில்லாமல் விற்கும் பத்திரத்தைச் சார்பதிவாளரே பதிய மறுக்கலாம். மலையடிவார வீடுகளுக்கு இன்னொரு கேள்வி: கட்டட அனுமதி இருக்கிறதா? 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சரிவை ஒட்டிய வீட்டைத் தரகர் மலிவாகக் காட்டினால், வாடகைக் கணக்குப் போடுவதற்கு முன்பே அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே இரண்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு. தனிநபர் வாங்கும் மூன்றாவது வீட்டிலிருந்து அந்தக் கடனை வணிக மனைத்துறைக் கடனாக வகைப்படுத்த வேண்டும் என்று 2009 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வழிகாட்டியது. அதற்கு வங்கி அதிக மூலதனம் ஒதுக்க வேண்டும். அந்தச் சுமை வட்டியில் வந்து நிற்கும். மூன்றாவது வீட்டுக்குப் பழைய வட்டியை வைத்துத் தவணை போட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும்.

(அடுத்த வாரம்: அந்த 10,000 ரூபாய் வாடகைக்கும் 20,400 ரூபாய் வட்டிக்கும் வருமான வரியில் என்ன இடம்? பழைய முறை, புதிய முறை இரண்டிலும் பார்ப்போம்.)