மருந்துக் காலாவதி முன்னறிக்கை

மருந்துக் காலாவதி முன்னறிக்கை என்பது, ஒரு மருந்தகத்தின் இருப்பில் அடுத்த மூன்று மாதங்களுக்குள் காலாவதியாகவுள்ள மருந்துகளைப் பேட்ச் வாரியாகக் காட்டும் பட்டியலாகும். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம், இருப்பு ஆகியவை இதில் இருக்கும். ஒரே மாத்திரை இரண்டு பேட்ச்சுகளில் வந்திருந்தால் அவை தனித்தனி வரிகளாகவே வரும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக வழங்குகிறது. கடலூரிலும் அத்தகைய கிடங்கு உண்டு. கிடங்கிலிருந்து பெற்ற மருந்தைக் காலாவதிக்கு முன் செலவழிப்பது மருத்துவமனை மருந்தாளுநரின் கவனத்தைப் பொறுத்தது.

வரிகளைத் தனித்தனியே பார்ப்பதுதான் இவ்வறிக்கையை வாசிப்பதில் நேரும் பெரிய பிழை. எடுத்துக்காட்டாக, சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் மெட்ஃபார்மின் மாத்திரை மாதம் 4,000 செலவாகிறது என்க. ஜூலை 1 அன்று எடுத்த அறிக்கையில், ஆகஸ்டில் காலாவதியாகும் பேட்ச்சில் 6,000, செப்டம்பரில் காலாவதியாகும் பேட்ச்சில் 9,000 மாத்திரைகள் உள்ளன. ஆகஸ்ட் முடிவுக்குள் 8,000 செலவாகும். ஆகவே முதல் பேட்ச் தீர்ந்துவிடும். மூன்று மாதங்களில் 12,000 செலவாகும். ஆகவே இரண்டாவதும் தீர்ந்துவிடும் என்றே தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நோயாளிகளுக்குத்தான் போகின்றன. மொத்த இருப்பு 15,000, 3,000 மிஞ்சும்.

உண்மையில் இன்னும் அதிகமாகவே மிஞ்சும். நீரிழிவு நோயாளிக்கு ஒரு மாத மாத்திரை மொத்தமாக வழங்கப்படுகிறது. செப்டம்பர் 20-இல் கொடுத்தால் அவர் அக்டோபரிலும் அதையே விழுங்குவார். எனவே ஆகஸ்ட் பேட்ச்சை ஜூலைக்குள்ளும், செப்டம்பர் பேட்ச்சை ஆகஸ்டுக்குள்ளும் வழங்கியாக வேண்டும். ஜூலையில் முதல் பேட்ச்சிலிருந்து 4,000 போக 2,000 தங்கும். ஆகஸ்டில் இரண்டாவதிலிருந்து 4,000 போக 5,000 தங்கும். ஆக 7,000 மாத்திரைகள் வீணாகும்.

இந்தக் கணக்கு ஜூலை முதல் வாரத்திலேயே தெரிந்தால், அதே மாத்திரையைக் கூடுதலாகச் செலவழிக்கும் கடலூர் மருத்துவமனை ஒன்றுக்கு உரிய அனுமதியுடன் மாற்றலாம். அங்கும் ஒரு நிபந்தனை உண்டு: பெறும் மருத்துவமனை, அடுத்த ஆண்டு காலாவதியாகும் தன் சொந்த இருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, வந்ததை முதலில் வழங்க வேண்டும். இல்லையேல் இழப்பு ஊர் மாறுமே தவிரக் குறையாது.

அறிக்கையின் தேதியிலும் ஒரு சிக்கல் உள்ளது. இந்திய மருந்து விதிகளின்படி, உறையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அம்மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம். கணினியோ நாளையும் கேட்கும். பதிவு செய்பவர் 30-09 என்பதற்குப் பதில் 01-09 என்று இட்டால், நல்ல மருந்து ஒரு மாதம் முன்னதாகவே காலாவதிப் பட்டியலுக்குப் போய்விடும். எல்லா வரிகளிலும் ஒன்றாம் தேதியே இருந்தால் இப்பிழை நேர்ந்திருப்பதாகக் கருதி உறைகளோடு ஒப்பிட வேண்டும்.