சந்தேகப் பட்டியலில் நிரபராதிகள் எத்தனை பேர்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரில் இருக்கிறது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். மாணவர் கொடுத்த கட்டுரையை அவரே எழுதினாரா, சாட்ஜிபிடி போன்ற ஏஐ எழுதிக் கொடுத்ததா என்று சொல்லும் வசதியை டர்ன்இட்டின் நிறுவனம் 2023 ஏப்ரலில் கொண்டுவந்தது. நான்கே மாதத்தில், ஆகஸ்டில், வாண்டர்பில்ட் அதை நிறுத்திவிட்டது. நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் ஒரு சின்னக் கணக்கும் இருந்தது. 2022-இல் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து டர்ன்இட்டினுக்குப் போன கட்டுரைகள் 75,000. மனிதர் எழுதியதை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்வது ஒரு சதவீதம்தான் என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்த ஒரு சதவீதத்தையே வைத்துப் பார்த்தால்கூட, அந்த ஆண்டில் இந்த வசதி இருந்திருந்தால் சுமார் 750 கட்டுரைகள் மீது வீண்பழி விழுந்திருக்கும்.

இந்தக் கணக்கு சரிதான். ஆனால் பாதிக் கணக்குதான். ஒரு பேராசிரியரின் மேசையில் ஒரு கட்டுரை இருக்கிறது, மென்பொருள் அதைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இது உண்மையிலேயே ஏஐ எழுதியதா? "ஒரு சதவீதம்தான் தவறு" என்று கேட்டதும், "அப்படியானால் 99 சதவீதம் இவன் குற்றவாளி" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பிழை இங்கேதான் நுழைகிறது. அந்த ஒரு சதவீதம் நேர்மையாக எழுதிய நூறு பேரில் எத்தனை பேர் மாட்டுவார்கள் என்பதைச் சொல்வது. மாட்டிய நூறு பேரில் எத்தனை பேர் நேர்மையானவர்கள் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, அந்த வகுப்பில் உண்மையிலேயே ஏமாற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரிந்தாக வேண்டும். புள்ளியியலில் இதை அடிப்படை விகிதம் என்பார்கள்.

கணக்குப் போட்டே பார்ப்போம். 10,000 கட்டுரைகள் வருகின்றன. நேர்மையானவற்றில் ஒரு சதவீதம் தவறாக மாட்டும். ஏஐ எழுதியதிலும் எல்லாம் சிக்காது. நேர்மையானவர்கள் மாட்டக் கூடாது என்பதற்காகக் கருவியைச் சற்று இறுக்கி வைத்திருப்பதால் ஏஐ எழுத்தில் சுமார் 15 சதவீதம் தப்பிவிடலாம் என்று டர்ன்இட்டின் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதையே முழுக் கட்டுரைகளுக்கும் எடுத்துக்கொண்டால், நூறு ஏமாற்றுக் கட்டுரைகளில் 85 சிக்கும்.

முதலில், பத்தில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று வைப்போம். ஏஐ எழுதியவை 1,000, அவற்றில் சிக்குபவை 850. நேர்மையானவை 9,000, அவற்றில் வீணாக மாட்டுபவை 90. ஆகப் பட்டியலில் 940 கட்டுரைகள். அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்று நிரபராதியுடையது.

இப்போது நூறில் ஒருவர்தான் ஏமாற்றுகிறார் என்று மாற்றுவோம். கருவி அதே கருவி, மற்ற எண்கள் எதையும் தொடவில்லை. ஏஐ எழுதியவை 100, சிக்குபவை 85. நேர்மையானவை 9,900, மாட்டுபவை 99. பட்டியலில் 184 கட்டுரைகள் இருக்க, அவற்றில் பாதிக்கும் மேல் நிரபராதிகளுடையவை. ஆயிரத்தில் ஒருவர்தான் ஏமாற்றுகிறார் என்றால் நிலைமை இன்னும் மோசம். மாட்டுகிற பன்னிரண்டு பதின்மூன்று பேரில் ஒருவர்தான் உண்மையில் தவறு செய்தவராக இருப்பார். மாறாக, வகுப்பில் பாதிப் பேர் ஏமாற்றுகிறார்கள் என்றால் 4,300 பேர் மாட்டுவார்கள், அதில் நிரபராதிகள் வெறும் 50 பேர்.

கருவி கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் அது காட்டிய ஒரு கட்டுரையை நம்பலாமா என்பதற்கான பதில் 99 சதவீதத்திலிருந்து எட்டு சதவீதம் வரை ஆடிவிட்டது. வகுப்பு நேர்மையாக இருக்க இருக்க, பட்டியலில் நிரபராதிகளின் பங்கு ஏறுகிறது. எனக்கு இதில் மிகவும் வேதனை தருவது இதுதான்: நல்ல பிள்ளைகள் நிறைந்த வகுப்பில்தான் இந்தக் கருவியின் பேச்சு மிகக் குறைவாக நம்பத் தக்கது.

கருவி இதைவிட மட்டமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உண்மையான உதாரணம் இருக்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி கடைசியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. தங்கள் சோதனையில் அது ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தது என்றும், மனித எழுத்தில் 9 சதவீதத்தைத் தவறாகக் குறித்தது என்றும் ஒளிக்காமல் அறிவித்தார்கள். பத்தில் ஒருவர் ஏமாற்றும் ஆயிரம் கட்டுரைகளில் இதை ஓட்டினால், நூறு ஏமாற்றுக் கட்டுரைகளில் 26 சிக்கும், தொள்ளாயிரம் நேர்மையான கட்டுரைகளில் 81 மாட்டும். பட்டியலில் நான்கில் மூன்று பங்கு வீண்பழி! துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் அந்தக் கருவியை அவர்களே விலக்கிக்கொண்டார்கள்.

சரி, எத்தனை பேர் ஏமாற்றுகிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? கேட்டால் ஒப்புக்கொள்வார்களா? நேராகத் தெரியாதுதான். ஆனால் பட்டியலின் நீளமே ஓரளவு சொல்லிக்கொடுக்கும். பெரும்பாலான ஆசிரியர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 120 பேர் படிக்கும் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யாருமே ஏமாற்றவில்லை என்றாலும், ஒரு சதவீதத் தவறில் ஒருவரோ இருவரோ மாட்டத்தான் செய்வார்கள். ஆகவே அந்த வகுப்பில் இரண்டு பேர் மாட்டினால் அது ஏமாற்று நடந்ததற்கு அடையாளமே அல்ல. ஒருவரும் தவறு செய்யாத வகுப்பிலும் அதுதான் நடந்திருக்கும். அதே வகுப்பில் 25 பேர் மாட்டினால், அதில் ஒருவர் வீணாக மாட்டியிருக்கலாம், மற்றவர்கள் பெரும்பாலும் ஏஐ துணையோடு எழுதியவர்களே. கண்காணிப்பில், வகுப்பறையிலேயே உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கும், வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்த கட்டுரைக்கும் அடிப்படை விகிதம் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் மென்பொருள் இரண்டுக்கும் ஒரே விதமாகத்தான் எண்ணைக் காட்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் டர்ன்இட்டின் ஒரு கணக்கை வெளியிட்டது. ஓராண்டில் பார்த்த 20 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் சுமார் 11 சதவீதத்தில், குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது ஏஐ எழுத்து போலத் தெரிந்ததாம். ஒரு சதவீதத் தவறால் மட்டும் இத்தனை மாட்டியிருக்க முடியாது. ஆகவே ஏஐ பயன்பாடு உண்மையிலேயே பரவியிருக்கிறது, வீண்பழி என்று எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. ஆனால் இது உலகம் முழுவதற்குமான சராசரி. உங்கள் பிள்ளையின் வகுப்பு அந்தச் சராசரியில்தான் இருக்கிறது என்று எவரும் உறுதி தர முடியாது.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் தவறு விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நம்பிப் போட்டது. அதுவும் எப்போதும் உண்மையல்ல. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். டர்ன்இட்டின் அந்த ஏழில் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளிலோ கருவிகள் பெரும்பாலும் தவறவில்லை. காரணம் புரிகிறது. அடுத்து எந்தச் சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிந்தால் அது ஏஐ எழுத்து என்பதே இத்தகைய கருவிகள் பலவற்றின் அளவுகோல். இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தனக்கு நன்றாகத் தெரிந்த, பழகிய சொற்களை வைத்து இலக்கணம் பிசகாமல் எழுதுவார். பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் அப்படிப்பட்டதுதானே? இங்கிருந்து மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

அந்த விகிதத்தைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இப்படி எழுதும் நூறு பேரில் பத்துப் பேர் ஏமாற்றுகிறார்கள், கருவி அந்தப் பத்துப் பேரையும் விடாமல் பிடித்துவிடுகிறது என்றே வைப்போம். நேர்மையான 90 பேரில் 55 பேரும் மாட்டுவார்கள். பட்டியலில் 65 பேர், தவறு செய்தவர்கள் பத்தே பேர்.

சந்தேகம் வந்தால் இன்னொரு கருவியில் போட்டுப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வழிகளில் சோதித்தால் அது நல்ல யோசனை. ஆனால் இரண்டும் ஒரே அடையாளத்தைத் தேடினால், முதல் கருவியை ஏமாற்றிய எளிய நடை இரண்டாவதையும் ஏமாற்றும். அந்த 91 கட்டுரைகளில் 18 கட்டுரைகளை ஏழு கருவிகளும் ஒருமனதாக ஏஐ எழுதியது என்றே சொல்லின. எல்லாமே மனிதர்கள் எழுதியவை.

ஆசிரியர்களும் கல்லூரிகளும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அதற்கு முன் உங்கள் மாணவர்கள் எழுதிய பழைய கட்டுரைகள் கோப்புகளில் இருக்கும். அவற்றில் ஒரு முந்நூறை, பெயர்களை நீக்கிவிட்டு, நீங்கள் நம்பும் கருவியில் போட்டுப் பாருங்கள். எத்தனை மாட்டுகின்றனவோ அதுதான் உங்கள் மாணவர்களுக்கான தவறு விகிதம். விளம்பரத்தில் வரும் ஒரு சதவீதத்தைவிட அது நம்பகமானது. பிறகு இந்தப் பருவத்தில் மாட்டிய எண்ணிக்கையை அதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்த எண்ணிக்கை வெகுவாக மிஞ்சியிருந்தாலும், பட்டியல் விசாரணையைத் தொடங்கத்தான் உதவும், தீர்ப்பெழுத உதவாது. மாணவரைக் கூப்பிட்டு, கட்டுரையின் வரைவுகளைக் காட்டச் சொல்லுங்கள். இந்த வாதத்துக்கு எப்படி வந்தாய், இந்தப் புத்தகத்தில் எந்தப் பகுதியைப் படித்தாய் என்று பத்து நிமிடம் பேசுங்கள்.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வரைவுகளை அழிக்காதீர்கள், எழுதிய கோப்பின் பழைய பதிப்புகளைச் சேமித்து வையுங்கள். வீண்பழி வந்தால், "உங்கள் கருவி எத்தனை சதவீதம் சரி" என்று கேட்காதீர்கள். "இந்த வகுப்பில் எத்தனை பேர் மாட்டினார்கள், யாருமே தவறு செய்யாவிட்டால் எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள்" என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்களையும் சொல்ல முடியாத நிர்வாகத்துக்கு, அந்தப் பட்டியலை மட்டும் காட்டி ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் கைவைக்க உரிமை இல்லை.