செல்போன் எடுத்த நிலாவில் எவ்வளவு நிலா?

2023 மார்ச்சில் ஒருவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். நிலாவின் தெளிவான படத்தை 170 புள்ளிக்கு 170 புள்ளியாகச் சுருக்கி, அதையும் மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்தார். அறை விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி நின்று சாம்சங் போனால் அந்தத் திரையைப் படம் எடுத்தார். திரையில் இருந்தது மங்கலான வெள்ளை வட்டம். போன் கொடுத்த படத்திலோ பள்ளங்களும் மேடுகளும் துல்லியமாகத் தெரிந்தன.

மங்கலாக்கியபோதே அந்த நுணுக்கங்கள் அழிந்துவிட்டன. திரையில் இல்லாத ஒன்று லென்ஸ் வழியாக வந்திருக்க முடியாது.

பிறகு நிலாவின் மேல் ஒரு சாம்பல் நிறச் சதுரத்தையும், வெளியே கறுப்பு வானில் அதேபோல் இன்னொன்றையும் வைத்து எடுத்தார். நிலாவின் மேல் இருந்த சதுரத்தில் மட்டும் நிலாத் தரையின் சொரசொரப்பு முளைத்தது.

சாம்சங் அதே மாதம் விளக்கம் தந்தது. காட்சியில் இருப்பது நிலா என்று 'சீன் ஆப்டிமைசர்' கண்டுகொள்கிறது. 25 மடங்கு ஜூமுக்கு மேல் போனால் பத்துக்கும் அதிகமான படங்களை ஒன்றாகச் சேர்க்கிறது. அதன் பிறகு, ஏராளமான நிலாப் படங்களால் பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு நுணுக்கங்களைக் கூட்டுகிறது. வேறொரு படத்தை எடுத்து மேலே ஒட்டுவதில்லை என்றும் அந்த நிறுவனம் சொன்னது.

பல படங்களைச் சேர்ப்பது நேர்மையான வேலைதான். ஒவ்வொரு படத்திலும் இரைச்சல் புள்ளிகள் வேறுவேறு இடத்தில் விழும். சராசரி எடுத்தால் அவை மங்கி, எல்லாப் படத்திலும் இருக்கும் நிஜ நிலா துலங்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இத்தகைய போனின் 10 மடங்கு லென்ஸில் ஒளி புகும் வாயின் அகலம் அரை சென்டிமீட்டர் அளவே. ஒளியின் இயல்புப்படி, அவ்வளவு சிறிய வாய் வழியே பார்த்தால் நிலாவில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளவற்றைத்தான் பிரித்தறிய முடியும். 85 கிலோமீட்டர் அகலமுள்ள டைக்கோ பள்ளம் தட்டுப்படலாம். 20 கிலோமீட்டர் பள்ளம் ஒன்று கூர்மையான விளிம்போடு தெரிந்தால், அது உங்கள் லென்ஸ் கண்டது அல்ல, பயிற்சியிலிருந்து நிரப்பப்பட்டது.

இந்த உத்தி நிலாவிடம் எடுபடக் காரணம், அது எப்போதும் ஏறக்குறைய ஒரே முகத்தையே நமக்குக் காட்டுவதுதான். அதனால் போனின் யூகம் பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடுகிறது. பெயர்ப்பலகை எழுத்து, தூரத்து முகம், வண்டி எண் ஆகியவை அப்படியல்ல. அங்கே இல்லாத எழுத்தை எழுதி, இல்லாத கண்ணை வரைந்துவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. என்னைக் கவலைப்பட வைப்பது நிலா அல்ல, இதுதான்.

உங்கள் போனில் இதை நீங்களே பார்த்துவிடலாம். காட்சியை மேம்படுத்தும் வசதியை அணைத்து ஒரு படமும், போட்டு ஒரு படமும் எடுத்துப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். சாட்சியமாகப் பயன்பட வேண்டிய படம் எதுவானாலும், அந்த வசதியை அணைத்துவிட்டு எடுங்கள்.