திரையில் தொலைந்த பெயர்

சென்ற ஆண்டு எங்கள் சங்க விழாவில் நடந்தது இது. அந்த ஆண்டு மறைந்த உறுப்பினர்களின் பெயர்களை ஒரு ஸ்லைடில் எழுதி, அஞ்சலி நேரத்தில் காட்டினோம். மடிக்கணினியில் ஏழு பெயர்களும் அழகாகத் தெரிந்தன. மண்டபத்தின் பெரிய டி.வி.யிலோ ஆறு பெயர்கள்தான் முழுமையாக இருந்தன. ஏழாவது பெயரின் கீழ்ப்பாதி காணாமல் போயிருந்தது. அவருடைய துணைவியார் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஸ்லைடு தயாரித்தவன் நான்தான். அதன்பின் காரணத்தைத் தேடிப் புரிந்துகொண்டதை, விழா வேலைகளில் கைகொடுக்கும் அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய குழாய் டி.வி.களில் படத்தின் விளிம்பு ஒழுங்காக இராது. அதை மறைக்கவே படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். தட்டையான டி.வி.க்கு இது தேவையில்லை. ஆனாலும் கேபிள் வழியே வரும் படத்தை இப்படிப் பெரிதாக்கும் டி.வி.கள் இன்றும் உண்டு. 5 சதவீதம் பெரிதாக்கினாலே, 7.5 அங்குல உயரமுள்ள ஸ்லைடில் கீழே சுமார் 0.18 அங்குலம் மறைந்துவிடும். எங்கள் கடைசி வரி விளிம்பை ஒட்டி இருந்தது. மேலும் தமிழில் கு, மூ போன்ற எழுத்துகளின் சுழிகள் கீழே இறங்குவதால் முதலில் அடிபடுவதும் அவைதான்.

இரண்டாவது ஆபத்து கைப்பேசி. விழாவை யூடியூபில் ஏற்றினால் படம் 16:9 விகிதத்தில் இருக்கும். இப்போதைய கைப்பேசிகள் பல 20:9 அளவில் நீண்டவை. பார்ப்பவர் இரண்டு விரலால் படத்தை விரித்துத் திரையை நிரப்பினால், அகலம் முழுதும் தெரியும். உயரத்தில் 80 சதவீதம்தான் தெரியும். அதாவது மேலே 0.75, கீழே 0.75 அங்குலம் போய்விடும்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே எல்லை போட்டுவிடலாம். பவர்பாயிண்டில் Design, Slide Size சென்று Widescreen (16:9) என்று வையுங்கள். ஸ்லைடு 13.33 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் ஆகும். பிறகு View பகுதியில் Guides என்பதைத் தேர்ந்தெடுத்தால் நடுவே இரு கோடுகள் வரும். Ctrl விசையை அழுத்தியபடி ஒரு கோட்டை இழுத்தால் அதன் நகல் வரும். நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற எண்ணும் தெரியும். இடமும் வலமும் 6 அங்குலத்தில், மேலும் கீழும் 3 அங்குலத்தில் கோடு வையுங்கள். கணினி சென்டிமீட்டரில் காட்டினால் 15.24, 7.62. எழுத்து அனைத்தும் இந்தக் கட்டத்துக்குள் இருக்கட்டும். பின்னணிப் படமும் கோலமும் விளிம்புவரை போகலாம். இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சுருக்காமல் இன்னொரு ஸ்லைடு போடுங்கள். எங்கள் ஏழு பெயர்களை நாலும் மூன்றுமாகப் பிரித்திருந்தால் போதும்.

சில மண்டபங்களில் இன்னும் 4:3 புரொஜெக்டர்கள் இருக்கின்றன. அவற்றில் அகல ஸ்லைடு மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வரும். எதுவும் வெட்டுப்படாது, ஆனால் எழுத்து முக்கால் அளவாகிவிடும். அதனால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஸ்லைடை Standard (4:3) அளவுக்கு மாற்றலாம். அப்போது வரும் கேள்விக்கு Ensure Fit என்று பதில் கொடுங்கள். Maximize கொடுத்தால் பக்கத்து எழுத்து ஸ்லைடுக்கு வெளியே போய்விடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நெட்டையான 9:16 திரை. அதற்கு இதே ஸ்லைடை அனுப்பாமல், நெட்டுவாக்கில் தனியே ஒன்று செய்வதே நல்லது.

விழாவுக்கு முன் சோதனை ஸ்லைடு ஒன்று காட்டிப் பாருங்கள். விளிம்பை ஒட்டி ஒரு சிவப்புச் சட்டம், 6, 3 அங்குலக் கோடுகளில் ஒரு பச்சைச் சட்டம், நடுவில் ஒரு வட்டம், இவ்வளவுதான். நாலு பக்கமும் சிவப்பு மறைந்தால் ஓவர்ஸ்கேன், டி.வி.யின் பட அளவு அமைப்பில் Just Scan, Screen Fit அல்லது Full Pixel என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இடமும் வலமும் மட்டும் மறைந்தால், அகலப் படத்தை 4:3 திரை நிறையப் பெரிதாக்கியிருக்கிறார்கள். வட்டம் முட்டையானால் படத்தை இழுத்து நீட்டியிருக்கிறார்கள். புரொஜெக்டரின் Aspect அமைப்பை மாற்ற வேண்டும்.

இவ்வாண்டு அஞ்சலி ஸ்லைடுக்கு முன்னதாக இதைச் செய்து பார்த்தோம். சிவப்பு நாலு பக்கமும் மறைந்தது. ரிமோட்டில் எங்களுக்கு அந்த அமைப்பு அகப்படவில்லை. ஆனாலும் பச்சைச் சட்டம் முழுதாக நின்றது. பெயர்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.