யூரின் டியூப்பும் முந்நூறு சொற்களும்

மருத்துவ மாநாடுகளில் உரை அரங்குக்கு வெளியே, தாழ்வாரம் நெடுகப் பலகைகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய தாள்: மேலே தலைப்பு, நடுவில் வரைபடம், கீழே மருத்துவமனையின் பெயர். இதற்குப் போஸ்டர் என்று பெயர். அந்தப் பலகையில் இடம் கிடைப்பதற்கு முன்பே, செய்த வேலையை ஏறக்குறைய முந்நூறு சொற்களில் சுருக்கி எழுதி அனுப்ப வேண்டும். மாநாட்டுக் குழு அதைப் படித்துத்தான் முடிவு செய்கிறது. பலர் படிப்பதும் அந்தச் சுருக்கத்தை மட்டும்தான்.

இப்படி வரும் சுருக்கங்களில் அடிக்கடி தென்படும் ஒரு பொருள் உண்டு: “எங்கள் வார்டில் யூரின் டியூப்பால் வரும் தொற்றைப் பாதியாகக் குறைத்தோம்.” சொல்பவர்கள் பெரும்பாலும் நர்ஸ்களும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவினரும்தான். உழைத்துச் செய்த வேலை. ஆனால் “பாதி” என்ற அந்தச் சொல்லை நம்புவதற்கு முன், அது எதிலிருந்து எதுவாகப் பாதியானது என்று பார்க்க வேண்டும்.

தொற்று எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். சிறுநீர்ப்பையில் டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்தச் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. ஒரு மாதம் வைத்திருந்தால் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். டியூப்பின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கிருமிகள் பசைபோன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. மருந்து அதற்குள் எளிதில் நுழையாது. டியூப்பின் மேல் வெள்ளிக் கலவை பூசினால் தடுக்கலாம் என்று எண்ணினார்கள். பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. குறுகிய காலம் டியூப் வைப்பவர்களுக்கு அந்தப் பூச்சால் சொல்லிக்கொள்ளும் பயன் இல்லை என்று அது காட்டியது. ஆகவே தொற்றைத் தடுக்கும் வழிகளில் முதன்மையானது பொருளை மாற்றுவதல்ல, நாளைக் குறைப்பது. தேவையில்லாத டியூப்பைப் போடக் கூடாது. போட்டதைத் தேவை முடிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும் இந்தக் காரியம் ஏன் நடப்பதில்லை? அமெரிக்க மருத்துவர் சஞ்சய் செயின்ட் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. தங்கள் நோயாளிக்கு யூரின் டியூப் இருக்கிறதா என்று மருத்துவர்களைக் கேட்டார்கள். டியூப் இருந்த நேரங்களில் 28 சதவீதம் அது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மருத்துவ மாணவர்களில் இந்த அளவு 21 சதவீதம், மூத்த மருத்துவர்களில் 38. டியூப்பை எடுக்க உத்தரவிட வேண்டியவருக்கே அது இருப்பது தெரியவில்லை. டியூப்பை நாள்தோறும் பார்ப்பவர் பையைக் காலி செய்யும் நர்ஸ். அவருக்கோ எடுக்க அதிகாரம் இல்லை.

ஒரு போஸ்டர் சுருக்கத்தில் “என்ன செய்தோம்” என்ற பகுதியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். “நர்ஸ்களுக்குப் பயிற்சி அளித்தோம், சுவரில் அறிவிப்பு ஒட்டினோம்” என்று மட்டும் இருந்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கை கழுவ வேண்டும் என்பதும், பை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும் என்பதும் நர்ஸ்களுக்குத் தெரியாதவையல்ல. ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் மடியில் வைத்துவிடுவார்கள். பையில் இருந்த சிறுநீர் திரும்ப உள்ளே போகும். அதைத் தடுக்க ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் ஒரு கொக்கி வேண்டும், தள்ளுகிற ஊழியருக்கு அது எதற்கென்று தெரிய வேண்டும். நர்ஸுக்கு மட்டும் நடத்தும் வகுப்பால் அது நடக்காது.

அதைவிடப் பெரிய மாற்றம் அதிகாரத்தில் வருவது. எந்தெந்தக் காரணங்களுக்கு டியூப் இருக்கலாம் என்று மருத்துவர்களும் நர்ஸ்களும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள்: சிறுநீர் அடைப்பு, மணிக்கு மணி சிறுநீர் அளக்க வேண்டிய அளவுக்கு மோசமான நிலை, சில அறுவை சிகிச்சைகள், இடுப்புப் பகுதியில் படுக்கைப்புண் இருந்து சிறுநீர் கட்டுப்படாமை, உயிர் பிரியும் காலத்தின் ஆறுதல். தினமும் காலையில் டியூட்டி நர்ஸ் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். காரணம் ஏதும் பொருந்தவில்லை என்றால், ரவுண்ட்ஸுக்குக் காத்திராமல் தானே எடுத்துவிடலாம். எடுத்த பின் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நோயாளி சிறுநீர் கழித்தாரா என்று பார்ப்பார். கழிக்கவில்லை என்றால் ஸ்கேன் கருவியால் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அளப்பார். நிறைய இருந்தால் ஒருமுறை மட்டும் டியூப் விட்டு வடித்துவிட்டு எடுத்துவிடுவார்.

இனி எண்களுக்கு வருவோம். தொற்றை எண்ணுவதற்கு உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படுவது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வரையறை. டியூப் போட்டு இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். காய்ச்சல், அடிவயிற்றில் வலி போன்ற ஓர் அறிகுறி வேண்டும். யூரின் கல்ச்சரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் அல்லது அதற்கு மேல் பாக்டீரியா வளர வேண்டும். அதுவும் இரண்டு வகைக்கு மேல் போகக் கூடாது. கிருமி மட்டும் இருந்து அறிகுறி இல்லை என்றால் அது தொற்று அல்ல. சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பதும் தொற்றுக்குச் சான்றல்ல.

இப்படி எண்ணிய தொற்றுகளை “ஆயிரம் டியூப் நாள்களுக்கு இத்தனை” என்று சொல்வது வழக்கம். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் டியூப் இருந்தால் ஒரு டியூப் நாள். தினமும் ஒரே நேரத்தில் வார்டில் எத்தனை பேருக்கு டியூப் இருக்கிறது என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே போனால் இந்தக் கணக்கு வந்துவிடும். நம் நாட்டில் என்ஏபிஎச் தரச்சான்று பெறும் மருத்துவமனைகளும் இந்த விகிதத்தைப் பதிந்து வைக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்வோம். 20 படுக்கை கொண்ட பொது மருத்துவ வார்டு, ஆறு மாதம். படுக்கைகள் எப்போதும் நிறைந்திருந்தன என்று கொண்டால் 3,600 நோயாளி நாள்கள். அதில் 1,200 டியூப் நாள்கள், 6 தொற்றுகள். விகிதம் ஆயிரத்துக்கு 5. இப்போது நர்ஸே டியூப்பை எடுக்கலாம் என்ற முறை வருகிறது. அடுத்த ஆறு மாதத்திலும் அதே 3,600 நோயாளி நாள்கள்; டியூப் நாள்கள் 600 ஆகிவிட்டன, தொற்றுகள் 4. நோயாளிகளுக்கு நல்லது நடந்திருக்கிறது. ஆனால் விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: ஆயிரத்துக்கு 6.7. ஏட்டில் தொற்று கூடிவிட்டது!

இது எப்படி? முதலில் எடுக்கப்படும் டியூப்கள் யாருடையவை என்று யோசித்தால் புரியும். நடக்கக்கூடியவர், ஓரிரு நாளுக்கு மட்டும் டியூப் வைத்திருந்தவர், அதாவது எப்படியும் தொற்று வர வாய்ப்புக் குறைந்தவர்களுடையவை. மிஞ்சுவது பக்கவாதத்தில் படுத்திருப்பவரும் பல வாரமாக டியூப்போடு இருப்பவரும். விகிதத்தின் கீழ்ப்பகுதி பாதியாகச் சுருங்கியது, மேற்பகுதி அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. நல்ல வேலை செய்த வார்டு கெட்டபெயர் வாங்கும். தேவையில்லாமல் எல்லோருக்கும் டியூப் போட்டு வைத்திருக்கும் வார்டின் விகிதம் அழகாக இருக்கும். இதனால்தான் முகமது ஃபக்கீ போன்ற அமெரிக்க மருத்துவர்கள், பத்தாயிரம் நோயாளி நாள்களுக்கு எத்தனை தொற்று என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். நம் கற்பனை வார்டில் அது 16.7இலிருந்து 11.1 ஆகிறது. இப்போதுதான் கணக்கு உண்மையைச் சொல்கிறது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. கல்ச்சர் அனுப்பாவிட்டால் தொற்று கண்ணில் படாது. காய்ச்சல் வந்தவுடன் எல்லாவற்றுக்கும் கல்ச்சர் அனுப்பும் பழக்கத்தைக் குறைப்பது நல்லதுதான், வீணாக ஆன்டிபயாடிக் கொடுப்பது குறையும். ஆனால் கல்ச்சர் பாதியானதால் தொற்று பாதியானதா, தொற்றே குறைந்ததா என்று பிரித்தறிய, இரு காலத்திலும் எத்தனை கல்ச்சர் போனது என்ற எண் சுருக்கத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான சுருக்கங்களில் அது இருப்பதில்லை.

தற்செயல் என்ற ஒன்றும் இருக்கிறது. 6 தொற்று 4 ஆனது தானாகவே நிகழக்கூடிய மாற்றம்தான். மோசமான ஒரு மாதத்துக்குப் பிறகு திட்டம் தொடங்கினால், ஒன்றும் செய்யாமலே அடுத்த மாதம் நன்றாகத் தெரியும். முன் பின் என்று இரண்டு தூண்களை வரைவதைவிட, மாதவாரியாகப் புள்ளி வைத்து நடுக்கோடு போட்டுப் பார்ப்பது மேல். தொடர்ந்து ஆறு புள்ளிகளாவது கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்தக் கற்பனை வார்டு சுருக்கம் எழுதினால், முடிவுப் பகுதி இப்படி இருக்கும்:

“டியூப் நாள்கள் 1,200இலிருந்து 600 ஆயின, தொடர்ந்து ஆறு மாதமும் மாத எண்ணிக்கை பழைய நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தது. பத்தாயிரம் நோயாளி நாள்களுக்குத் தொற்று 16.7இலிருந்து 11.1 ஆனது, எண்ணிக்கை சிறியதால் இதை உறுதியான குறைவு என்று கூற இயலாது. ஆயிரம் டியூப் நாள்களுக்கான விகிதம் 5இலிருந்து 6.7 ஆக உயர்ந்தது. மிஞ்சிய நோயாளிகள் அதிக ஆபத்துள்ளவர்கள் என்பது இதற்குக் காரணமாகலாம். அனுப்பிய கல்ச்சர்கள் 90, பின்பு 84. நர்ஸ்கள் எடுத்த 140 டியூப்களில் 9, இரண்டு நாளுக்குள் மீண்டும் போட வேண்டியிருந்தது.”

தலைப்பில் “தொற்று பாதியானது” என்று போட முடியாது. “டியூப் நாள்கள் பாதியாயின” என்று போடலாம். குறைந்த பகட்டு, ஆனால் வேறு வார்டுக்காரர் எடுத்துச் செய்துபார்க்கக்கூடிய முடிவு. கடைசியில் வரும் அந்த 9 எனக்கு மிக முக்கியம். அவசரப்பட்டு எடுத்ததால் சிறுநீர் அடைத்து யாரும் துன்பப்பட்டார்களா என்பதற்கு அதுதான் பதில். அந்த எண் இல்லாத சுருக்கம், நோயாளிக்குக் கிடைத்த நன்மையை மட்டும் எண்ணி, நேர்ந்திருக்கக்கூடிய தீங்கை எண்ணாமல் விட்ட சுருக்கம்.

இந்த முறை பெரிய அளவில் பலித்ததற்குச் சான்று இருக்கிறது. சஞ்சய் செயின்ட் குழுவினர் அமெரிக்காவில் 603 மருத்துவமனைகளில் நடந்த திட்டத்தின் முடிவை 2016இல் வெளியிட்டார்கள். பொது வார்டுகளில் தொற்று விகிதம் 2.28இலிருந்து 1.54 ஆகக் குறைந்தது. டியூப் பயன்பாடும் 20.1 சதவீதத்திலிருந்து 18.8 ஆனது. ஐசியூக்களில் இரண்டுமே குறிப்பிடும்படி மாறவில்லை. அங்கே நோயாளிகளின் சிறுநீரை மணிக்கு மணி அளக்க வேண்டியிருக்கிறது, டியூப்பை எடுக்கக் காரணம் கிடைப்பது அரிது. காய்ச்சல் வந்தால் கல்ச்சர் உடனே போய்விடுகிறது. ஐசியூவில் தொற்றைப் பாதியாக்கினோம் என்று ஒரு போஸ்டர் சொன்னால், அதன் முன் நின்று டியூப் நாள்கள் எத்தனை, கல்ச்சர்கள் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.